புயல் அடிக்காதிருந்தால்? நடக்காததைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதும் முறை

(வரலாற்றுத் துறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி, "அப்படி நடக்காமல் இருந்திருந்தால்?" என்பது. பரீட்சைத் தாளில் அதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் கருத்தரங்கக் கட்டுரை எழுதச் சொன்னால் பத்தில் ஒருவராவது அதைத் தொட்டுவிடுவார். ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் எழுதப்படும் அத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் போகின்றன. முதல் பக்கத்தில் ஒரு போர், இரண்டாம் பக்கத்தில் ஒரு தற்செயல், மூன்றாம் பக்கத்தில் இந்தியாவின் தலைவிதியே வேறாகிவிடும். கேள்வியில் குற்றமில்லை. ஒரு காரணத்துக்கு எவ்வளவு வலு இருந்தது என்று அறிய, அந்தக் காரணத்தை நீக்கிப் பார்ப்பது நியாயமான வழிதான். நீக்கும் முறையிலும் நிறுத்தும் இடத்திலும்தான் கட்டுரை கெடுகிறது. இதை ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சொல்லிப்பார்க்கிறேன்.

1746ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டினத்தைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் நடந்த ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரின் கிளை அது. மொரீஷியஸ் தீவின் ஆளுநராக இருந்த லா பூர்தொனே ஒரு கப்பற்படையைத் திரட்டிக்கொண்டு வந்தார். அதை நாகப்பட்டினத்துக்கு அப்பால் எதிர்கொண்ட ஆங்கிலேயத் தளபதி பெய்ட்டன் பிறகு வங்காளத்துப் பக்கம் ஒதுங்கிப் போனார். காவலில்லாத செயின்ட் ஜார்ஜ் கோட்டை சில நாள் குண்டுவீச்சுக்குப் பின் செப்டம்பர் 21ஆம் தேதி சரணடைந்தது. சரண் அடைந்தபோது லா பூர்தொனே ஆங்கிலேயருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: மீட்புத்தொகை கொடுத்தால் பட்டினத்தைத் திருப்பித் தருவேன். தொகை 11 லட்சம் வராகன் என்று பேசி முடிவாயிற்று. புதுச்சேரியில் ஆளுநராக இருந்த துப்ளே இதை ஏற்கவில்லை. கர்நாடக நவாப் அன்வாருதீன் கான் தலையிடாதிருக்க, சென்னையை அவரிடமே ஒப்படைப்பதாக துப்ளே ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரே மன்னரின் கொடிக்குக் கீழ் இருந்த இருவர் ஒரே ஊரை இரண்டு பேருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சண்டை வாரக்கணக்கில் இழுத்தது. கப்பல்கள் சென்னைக் கடலில் நங்கூரமிட்டபடி நின்றன.

அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. சில கப்பல்கள் ஆளோடு மூழ்கின. மிச்சமிருந்தவற்றில் பாய்மரம் முறியாதவை அரிது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்ததாகக் கணக்கு. லா பூர்தொனே பழுதுபார்த்த கப்பல்களோடு 23ஆம் தேதி சென்னையை விட்டுப் புறப்பட்டார். அதற்குப் பின் சோழமண்டலக் கரைக்கு அவர் திரும்பவேயில்லை. துப்ளே மீட்பு உடன்படிக்கையை ரத்துசெய்து ஊரைத் தன் கையில் வைத்துக்கொண்டார். 1748இல் ஏக்ஸ்-லா-ஷப்பேலில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை சென்னையை ஆங்கிலேயருக்கே திருப்பித் தந்தது. 1749இல் ஊர் கைமாறியது.

"அந்தப் புயல் அடிக்காதிருந்தால் பிரெஞ்சுக் கடற்படை அழிந்திராது. ஆங்கிலேயர் கடலூரையும் இழந்திருப்பார்கள். தென்னிந்தியா பிரெஞ்சுக்காரரிடம் போயிருக்கும். இன்று நாம் பிரெஞ்சு படித்துக்கொண்டிருப்போம்." இந்த நான்கு வாக்கியங்களைச் சிறு சிறு மாற்றங்களோடு பல கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். இவற்றை எழுதியவர் சோம்பேறி அல்லர். புயலின் பயங்கரம் அவரை உண்மையாகவே தொட்டிருக்கிறது. ஆனால் அவர் எதை நீக்கினார் என்று அவருக்கே தெரியாது. அங்கிருந்து தொடங்குவோம்.

புயலை நீக்குவது எளிது என்று நமக்குத் தோன்றுகிறது. அது மனித முடிவு அல்ல, வானத்தின் செயல். அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கும் என்று நினைக்கிறோம். இதில் பாதிதான் சரி. வங்கக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று எப்போது தொடங்கும் என்பது அன்றைய மாலுமிகளுக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. திறந்த கடலில் நங்கூரம் போட்டுப் படகுகளில்தான் சரக்கை இறக்குவார்கள். அக்டோபர் நடுவுக்குமேல் அங்கே பெரிய கப்பல்களை நிறுத்தக் கூடாது என்பது அனுபவப் பாடம். லா பூர்தொனே தேர்ந்த கடலோடி. இது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அவர் அங்கே நின்றதற்குக் காரணம் துப்ளேவோடு தீராத வழக்கு. ஆகவே "புயல் அன்று இரவு வரவில்லை" என்று வைத்துக்கொள்வது ஒரு கேள்வி. "கப்பல்கள் அன்று அங்கே இல்லை" என்று வைத்துக்கொள்வது வேறொரு கேள்வி. முதல் கேள்வியில் காற்று மட்டும் மாறுகிறது. இரண்டாவதில் இரண்டு மனிதர்களின் குணமும் அதிகாரப் போட்டியும் மாறவேண்டும். சிறு கட்டுரையில் முதல் கேள்வியைத்தான் எடுக்கலாம். எடுத்ததை முதல் பத்தியிலேயே வாசகருக்குச் சொல்லிவிடவும் வேண்டும்.

இங்கே தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்தது. அதனால் அதே புயல் பிரெஞ்சு ஆவணங்களில் அக்டோபர் 13, ஆங்கிலேயர் ஆவணங்களில் அக்டோபர் 2. பதினொரு நாள் வித்தியாசம். புயலின் தேதியைப் பிரெஞ்சு நூலிலிருந்தும், லா பூர்தொனே புறப்பட்ட தேதியை ஆங்கில நூலிலிருந்தும் எடுத்தால் என்ன ஆகும்? புயல் 13ஆம் தேதி, புறப்பாடு 12ஆம் தேதி என்று வரும். புயலுக்கு முதல்நாளே அவர் கிளம்பிவிட்டதாகக் கட்டுரை சொல்லும்! பிறகு "புயல் இல்லாதிருந்தால்" என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழ் நாட்கணக்கையும் தருகிறது. அட்சய வருஷத்தில் புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாட்கள் இவை. மூன்று கணக்கையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்கவேண்டும். நடக்காததைப் பற்றிப் பேச உரிமை பெற, நடந்தது எந்த வரிசையில் நடந்தது என்று முதலில் தெரியவேண்டும். அதனால்தான் இத்தகைய கட்டுரையில் பாதி இடத்தையாவது நடந்ததற்கே கொடுக்கச் சொல்கிறேன்.

இப்போது காற்றை மட்டும் நிறுத்துவோம். அக்டோபர் 14 காலை கப்பல்கள் முழுசாக நிற்கின்றன. அடுத்து என்ன?

நம் மாணவர் "கடற்படை அங்கேயே இருந்து கடலூரைத் தாக்கும்" என்றார். இருக்க முடியாது. பருவக்காற்று இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்கும். புயல் ஒன்று தப்பினாலும் அடுத்தது வரலாம். கப்பல்கள் அந்த மாதத்துக்குள் கரையை விட்டு விலகித்தான் ஆகவேண்டும். அந்நாளில் பருவமழைக் காலத்தைக் கழிக்கக் கப்பல்கள் சுமத்திராவின் அச்சே பக்கமோ மேற்குக் கரைக்கோ போவது வழக்கம். இல்லையென்றால் மொரீஷியஸுக்கே திரும்பவேண்டும். ஆக, புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் 1746 நவம்பரில் சோழமண்டலக் கரையில் லா பூர்தொனேயின் கப்பற்படை இருந்திருக்கப்போவதில்லை. இதைச் சற்று உறுதியாகவே சொல்லலாம். ஏனென்றால் இதற்கு யாருடைய புது முடிவும் தேவையில்லை. காற்றும் கடலும் எல்லாக் கப்பலுக்கும் பொதுவாக விதித்தது இது.

அடுத்த படிதான் மிக முக்கியம். புயலுக்குப் பின் உடைந்த கப்பல்களோடு போன லா பூர்தொனே, தன்னோடு வந்த படைவீரர்களில் பெரும்பகுதியினரைக் கரையிலேயே விட்டுச் சென்றார். அவர்களை ஏற்றிச்செல்லக் கப்பலும் இல்லை, போரிடக் கடற்படையும் இல்லை. அவர்கள் துப்ளேவுக்குக் கிடைத்தார்கள். அதுவரை புதுச்சேரியில் சில நூறு ஐரோப்பிய வீரர்களையே வைத்திருந்த துப்ளேவின் தரைப்படை ஒரே மாதத்தில் பெருத்தது. கடலில் பிரான்சை முடமாக்கிய அதே புயல், கரையில் துப்ளேவுக்குப் படை கொடுத்தது. கப்பல்கள் முழுசாக இருந்திருந்தால், லா பூர்தொனே தன் ஆட்களில் பெரும்பாலோரை அழைத்துக்கொண்டே போயிருப்பார். அந்த வீரர்கள் அவர் திரட்டிய படை. துப்ளேவோடு அவருக்கிருந்த உறவில், அவர்களைத் தானாக விட்டுப்போக ஒரு காரணமும் தெரியவில்லை. அப்படியானால் புயலில்லாத 1746இன் முடிவில் துப்ளே இன்னும் பலவீனமாக இருந்திருக்கக்கூடும்.

கேள்வியைக் கவனமாகப் பிடித்தால் விடை நம் மாணவர் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. புயல் பிரெஞ்சுக் கனவை உடைத்தது என்ற பழக்கமான வாசகத்தைவிட, புயல் துப்ளேவின் தரைக் கனவுக்கு ஆள் சேர்த்தது என்பதே ஆவணங்களுக்கு நெருக்கமானது. இந்த ஒரு தெளிவு கிடைத்ததால்தான் இந்தக் கேள்வியைக் கேட்டது வீண்போகவில்லை என்கிறேன்.

மூன்றாவது படிக்குப் போகலாமா? 1747இல் முழுசான கப்பற்படையோடு லா பூர்தொனே திரும்பி வந்திருப்பாரா? வந்திருந்தால், அந்த மார்ச்சில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைக் காப்பாற்ற வந்து சேர்ந்த ஆங்கிலேயத் தளபதி கிரிஃபினை வென்றிருப்பாரா? இங்கே நான் பேனாவை வைத்துவிடுவேன். இதுவரை வந்த இரண்டு படிகளிலும் நான் யாருடைய முடிவையும் புதிதாக எழுதவில்லை. பருவக்காற்றும், படைக்கும் கப்பலுக்கும் உள்ள தொடர்பும், ஏற்கெனவே எழுத்தில் உள்ள பகையும்தான் பேசின. மூன்றாவது படியில் லா பூர்தொனே 1747இல் என்ன நினைத்திருப்பார் என்று நானே எழுதவேண்டும். கிரிஃபின் எந்தப் பக்கம் கப்பலைத் திருப்பியிருப்பார் என்றும் நானே எழுதவேண்டும். ஒரு மனிதர் எடுக்காத முடிவை நாம் அவருக்காக எடுக்கத் தொடங்கும் இடம் எதுவோ, அதுதான் சிறு கட்டுரையின் எல்லை.

இந்த எல்லைக்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஒவ்வொரு படியும் நான்கில் மூன்று பங்கு நிச்சயம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படி சேர்ந்து நடக்க வாய்ப்பு நூற்றுக்கு 56. மூன்று படி என்றால் 42. அதாவது நடந்திருக்காது என்பதே அதிக வாய்ப்பு. புயலிலிருந்து நாம் பிரெஞ்சு படிப்பது வரைக்கும் குறைந்தது ஏழு படி. ஏழையும் பெருக்கினால் நூற்றுக்கு 13தான் மிஞ்சும். எழுதுகிறவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் நியாயமாகப்படுவதால் முழுக் கட்டுரையும் நியாயமாகிவிட்டதாகத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நேரே கடைசிப் படிக்குத் தாவினாலும் இந்தக் கதை நிற்காது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்னையின் கதி சோழமண்டலக் கரையில் தீர்மானமாகவில்லை. வட அமெரிக்காவில் பிரான்சின் லூயிபூர்க் கோட்டையை 1745இல் ஆங்கிலேயர் தரப்பு பிடித்திருந்தது. பிரான்சுக்கு அது திரும்ப வேண்டும்; ஆங்கிலேயருக்குச் சென்னை திரும்ப வேண்டும். அவரவர் பிடித்ததை அவரவர் விட்டுவிடுவது என்பதே 1748 சமாதான உடன்படிக்கையின் பொது விதி. துப்ளே கடலூரையும் சேர்த்துப் பிடித்திருந்தால்கூட, அதுவும் அதே மேசைமேல் அதே விதிக்குத்தான் போயிருக்கும். பெரும்பாலும் அதுவும் திரும்பியிருக்கும். நம் ஊரில் நடந்த வீரச்செயல்களை எவ்வளவு மாற்றினாலும், வெகுதூரத்தில் வேறு கணக்கோடு உட்கார்ந்திருந்தவர்களின் முடிவு அசையாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காரணத்தின் எடையைச் சோதிக்கிறவர், அந்தக் காரணம் எட்டாத இடம் எது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இன்னொரு சோதனை: நீக்கியது வேறு வழியாக வந்துவிடுமா? 1746 நவம்பரில் அடையாற்றங்கரையில் நவாபின் மகன் மஹ்பூஸ் கானின் பெரும் சேனையை, பராதி என்ற அதிகாரியின் சிறு படை சிதறடித்தது. வரிசையாக நின்று சுடப் பயின்ற சில நூறு பேர் பல ஆயிரம் பேரை விரட்ட முடியும் என்று தென்னாட்டுக்குக் காட்டிய சண்டை அது. "அடையாற்றுச் சண்டை நடக்காதிருந்தால் ஐரோப்பியர் நம் அரசியலில் நுழைந்திருக்கமாட்டார்கள்" என்று எழுதுவார்கள். மூன்றே ஆண்டுகளில், 1749 ஆகஸ்டில், ஆம்பூரில் அதே பாடம் இன்னும் கடுமையாக வந்தது. அன்வாருதீன் கானே அங்கே உயிரிழந்தார். பயிற்சியும் துப்பாக்கியும் அதற்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகளும் கரையில் இருந்தவரை, அந்தப் பாடம் எங்கேயாவது ஓரிடத்தில் நடந்தேயிருக்கும். அடையாறு அதை முன்னால் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

இதே சோதனையை ஆளுநர்களை விட்டு ஊர்மக்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி அன்று கறுப்பர் பட்டினம் இருந்தது. நெசவுத்துணி வணிகர்களும் துபாஷிகளும் கைவினைஞர்களும் வாழ்ந்த ஊர். கோட்டையை வைத்திருந்த காலத்தில் பிரெஞ்சுக்காரர் சுவருக்குப் பக்கத்திலிருந்த வீடுகளை இடித்தார்கள்; எதிரி மறைந்து வர இடமிருக்கக் கூடாது என்பதற்காக. பிரெஞ்சுக்காரர் வராதிருந்தால் பழைய ஊர் நின்றிருக்குமா? நிற்காது என்றே நினைக்கிறேன். ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரே, அதே பீரங்கிக் கணக்கில் மிச்சத்தையும் அப்புறப்படுத்தினார்கள். கோட்டைச் சுவருக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்பது எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் மாறாத தேவை. அந்த மண்ணில்தான் இன்று உயர்நீதிமன்ற வளாகம் இருக்கிறது. வடக்கே புதிதாக எழுந்த ஊர் பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பிரெஞ்சு வருகையை நீக்கினால் மாறியிருக்கக்கூடியது இடிப்பு நடந்த காலம் மட்டுமே. அந்தச் சில ஆண்டுகள் அங்கே குடியிருந்தவர்களுக்குச் சிறிய விஷயம் அல்ல. கட்டுரை அதையும் சொல்லவேண்டும்.

நிகழ்ச்சியில் பங்கேற்றவர்களே எழுதிவைத்த "அப்படி நடந்திருந்தால்" பற்றியும் எச்சரிக்கை தேவை. லா பூர்தொனே பிரான்சுக்குத் திரும்பியதும் பாஸ்டீல் சிறையில் அடைக்கப்பட்டார். ஆங்கிலேயரிடம் ரகசியமாகப் பணம் வாங்கினார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. விசாரணை முடிந்து 1751இல் விடுதலையானார். இடையில் தன்னை நியாயப்படுத்தி ஒரு நீண்ட முறையீட்டை அச்சிட்டு வெளியிட்டார். தன் யோசனையைக் கேட்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்பதுதான் அதன் உயிர்நாடி. துப்ளேவும் பின்னாளில் தன் பங்குக்கு எழுதினார். பின்வந்த நூல்கள் இந்த இரண்டு வழக்குரைகளிலிருந்தே பல கற்பனைகளைக் கடன் வாங்கியிருக்கின்றன. ஒரு "நடந்திருந்தால்" உங்கள் கைக்கு வரும்போது, அதை முதலில் சொன்னவர் யார், அவருக்கு அதில் என்ன லாபம் என்று கேளுங்கள்.

கடைசியாக, எழுத்தில் இது எப்படி இருக்கும் என்று ஒரு பத்தியைக் காட்டுகிறேன். மாணவர் எழுதிய நான்கு வாக்கியங்களுக்குப் பதில் நான் இப்படி எழுதுவேன்: "அக்டோபர் 13 இரவுப் புயல் வந்திராவிட்டாலும், பருவக்காற்றால் லா பூர்தொனேயின் கப்பல்கள் அந்த மாதத்துக்குள் கரையை விட்டு விலகியே இருக்கும். அவை முழுசாக இருந்திருந்தால், படைவீரர்களில் பெரும்பாலோரும் அவரோடு போயிருப்பார்கள் என்று கருத இடமுண்டு. அந்த நிலையில் துப்ளே சென்னையை இவ்வளவு துணிவாகக் கையில் வைத்துக்கொண்டிருப்பாரா என்பது ஐயமே. 1746க்குப் பிந்தையதைப் பற்றி இந்தப் புயலை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை." முதல் வாக்கியம் அழுத்தமாக இருக்கிறது, இரண்டாவது சற்றுத் தளர்கிறது, மூன்றாவது ஐயமாகவே நிற்கிறது. சான்று குறையக் குறைய வாக்கியத்தின் உறுதியும் அதே அளவில் குறையவேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1746 செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள பக்கங்களை, பின்னால் நடந்தவற்றை மறந்துவிட்டு, ஒவ்வொரு நாளாகப் படியுங்கள். அடுத்த நாள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. அந்த நாட்களில் புதுச்சேரியிலும் சென்னையிலும் எந்தெந்த வழிகள் உண்மையாகவே திறந்திருந்தன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இல்லாத வழியைப் பற்றிக் கட்டுரை எழுதாதீர்கள்.